முதல் மாதம் கேட்பதற்கு என்ன இருக்கிறது

தர்மிளா முகாமையாளர் ஆன செய்தியைத் தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லோரும் கொண்டாடினார்கள். அவளுக்கு மட்டும் எங்கேயாவது படுத்துத் தூங்கினால் போதும் என்றிருந்தது.

தெஹியோவிட்டவுக்கு மேலே உள்ள அந்தக் கையுறைத் தொழிற்சாலைக்குள் அவள் உயர்தரப் பரீட்சை எழுதிய கையோடு நுழைந்தவள். அப்பா தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டினார். மகள் அந்தப் பாலில் செய்த கையுறைக்குள் காற்றை நிரப்பி, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தாள். பல வருடம் உட்கார்ந்து பார்த்தாள், பிறகு மேற்பார்வையாளராக நின்று பார்த்தாள். இப்போது சோதனைப் பகுதி முழுவதும் அவள் பொறுப்பு. அந்த நாற்காலியில் தோட்டத்துப் பெண் ஒருத்தி உட்காருவது அதுதான் முதல் தடவை.

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வரும் முகாமையாளர் தன் முதல் தொண்ணூறு நாளில் என்ன செய்யப்போகிறார் என்பதைத் தன் ஆட்கள் முன்னால் நின்று திரையில் காட்டிச் சொல்ல வேண்டும். முதல் மாதம் பார்ப்பது, கேட்பது. இரண்டாவது மாதம் சீக்கிரம் பலன் தெரியும் சின்னத் திருத்தங்கள். மூன்றாவது மாதம் பெரிய மாற்றம், அதன் பலனை அளந்து காட்டுவது. கடைசியில் தலைமை அலுவலகம் பார்த்துப் பதவியை உறுதி செய்யும், அல்லது செய்யாது. செய்யாவிட்டால் தர்மிளாவுக்குத் திரும்பிப் போக இடமில்லை. அவளுடைய பழைய வேலைக்கு ஏற்கனவே ஆள் போட்டுவிட்டார்கள்.

அவளுக்கு முன்னால் இருந்தவர்களும் இதே திரைக்கு முன்னால் நின்றவர்கள்தான். ஒருவரும் நிலைக்கவில்லை. அவர்களில் ஒருவர் விட்டுப்போனது கழிப்பறை அட்டை. பகுதி முழுவதற்கும் இரண்டே அட்டைகள். கழிப்பறைக்குப் போகிறவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். இரண்டும் வெளியே இருந்தால் மற்றவர்கள் அடக்கிக்கொண்டு இருக்க வேண்டும். ஆடுமாடுகளுக்குக் கூட யாரும் இப்படி ஒரு சட்டம் போட்டதில்லை. பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். சிறுநீர் கடுத்துக் காய்ச்சலில் விழுந்தவர்கள் பலர். தர்மிளாவும் ஒரு தடவை ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

அதனால் அவள் எழுதிய திட்டத்தின் முதல் வாரத்திலேயே அட்டை ஒழிந்திருந்தது. தொழிற்சாலையின் பெரிய முகாமையாளர் விஜேகோன் அதை எடுத்து மூன்றாவது மாதத்தில் போட்டார். அதற்கு “இடைவேளை நடைமுறை மீளாய்வு” என்று பெயரும் வைத்தார். புதியவர்கள் வந்த கையோடு எதையும் மாற்றக்கூடாது, முதலில் இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று மனிதவள உத்தியோகத்தர் நஸீம் பொறுமையாக விளக்கினான். நல்ல விதிதான். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு. தர்மிளா வாதாடிப் பார்த்தாள். பிறகு அலுத்துப்போய்ச் சரி என்றாள்.

கூட்டத்துக்கு அலுவலகம் சுபநேரம் பார்த்து வைத்திருந்தது. அந்த நேரம் வரும்வரை இயந்திரங்களை நிறுத்திவிட்டு எல்லோரும் கென்டீனில் அரை மணிக்கு மேல் காத்திருந்தார்கள். மூத்திரத்துக்கு ஐந்து நிமிடம் கொடுக்க மனமில்லாத இடம் கிரகங்களுக்கு அரை மணியைத் தாராளமாகக் கொடுத்தது. பிறகு குத்துவிளக்கை ஏற்றினார்கள்.

தர்மிளா தமிழிலும் சிங்களத்திலும் மாற்றி மாற்றிப் பேசினாள். முதல் மாதம் ஒவ்வொருவரோடும் தனியாக உட்கார்ந்து குறைகளைக் கேட்பதாகச் சொன்னாள். திரையில் ஒரு பெரிய காது படம் வந்தது, நஸீம் போட்டது. யாரும் சிரிக்கவில்லை. முன்னால் வந்தவர்களும் அதே காதைத்தான் காட்டியிருந்தார்கள்.

ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா என்றதும் அபீபா எழுந்தாள். அவளும் தர்மிளாவும் ஒரே மேசையில் பக்கத்துப் பக்கத்தில் காற்று நிரப்பியவர்கள். அபீபா இதுவரை அவளை தர்மி என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

“மிஸ், நீங்க எங்ககிட்ட ஒரு மாசம் என்னத்தக் கேக்கப் போறீங்க? வெளியூர்ல இருந்து வந்தவங்களுக்கு நாங்க சொல்லித்தான் ஆகணும். உங்களுக்குமா? ஆஸ்பத்திரிக் கட்டில்ல உங்களுக்குக் கஞ்சி ஊத்தினது நானு. மறந்து போச்சுன்னா சொல்லுங்க, முதல்ல இருந்து சொல்றேன்.”

பின்வரிசையில் யாரோ மெதுவாகச் சிரித்தார்கள். விஜேகோனுக்கும் தமிழ் ஓரளவு விளங்கும். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அப்போதும் தர்மிளாவுக்கு வீரம் எதுவும் வந்துவிடவில்லை. இந்தத் திட்டத் தாளை இன்னும் மூன்று மாதம் சுமந்து திரிய வேண்டுமே என்ற சலிப்புத்தான் வந்தது. திரையை அணைக்கச் சொன்னாள்.

“மறக்கல. கேக்க வேண்டிய விஷயமும் இல்ல அது. இந்த அட்டையக் கொண்டு வந்தது கம்பெனி இல்ல, இந்தப் பகுதிக்கு இருந்த மேனேஜர். இப்ப மேனேஜர் நான். திங்கக்கிழமையில இருந்து அட்டை கிடையாது.”

கைதட்டல் எழுமுன் கையை உயர்த்தி நிறுத்தினாள். போகிறவளின் இடத்தில் உட்கார இரண்டு பேரை மாற்று ஆளாக வைக்கப்போவதாகச் சொன்னாள். அந்த இரண்டு பேரையும் இருக்கும் ஆட்களில் இருந்துதான் எடுக்க வேண்டும். ஆகவே முதல் வாரங்களில் சோதிக்கும் கையுறைகளின் எண்ணிக்கை குறையலாம், அதற்கு நான் பதில் சொல்வேன். எழும்பும்போது மாற்று ஆளிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், அது உங்கள் பங்கு. சம்பளமும் வேலைக்கு வந்துபோகும் பஸ்ஸும் என் கையில் இல்லை. அவற்றைப் பற்றி மேலே கேட்பேன், ஆனால் திட்டத்தில் எழுதி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஓட்டைக் கையுறை தப்பிப் போவது ஷிப்டின் கடைசி நேரத்தில்தான் அதிகம்; அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவளின் கண் எங்கே இருக்கும்? அது குறைகிறதா என்று வாரத்துக்கு வாரம் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பலகையில் எழுதுவேன். சொல்லி முடித்ததையே மறுபடி சிங்களத்திலும் சொன்னாள், ஒரு சொல்லையும் விடாமல்.

கூட்டம் முடிந்ததும் விஜேகோன் அவளை அறைக்குக் கூப்பிட்டார். கோபப்படவில்லை, அவரும் களைத்த மனிதர்தான். முதல் மாத முடிவில் எண்ணிக்கையும் இறங்கி, தப்பிப்போவதும் குறையாமல் இருந்தால் அட்டை திரும்ப வரும், உன் பெயரை உறுதிக்கு அனுப்ப மாட்டேன் என்றார். அதை எழுத்தில் தரலாமா என்று தர்மிளா கேட்டாள். அவர் நஸீமிடம் எழுதச் சொன்னார்.

கீழே இறங்கி வந்தால் பகுதியில் சண்டை. மாற்று ஆளாக உட்கார ஒருத்தியும் தயாரில்லை. ஓடி ஓடி உட்காருகிறவளுக்குத் தன் பெயரில் எண்ணிக்கை ஏறாது, ஊக்கத்தொகை போய்விடும் என்றாள் அபீபா.

“இத யோசிச்சீங்களா மிஸ்?”

“இல்ல,” என்றாள் தர்மிளா.

உண்மையிலேயே யோசித்திருக்கவில்லை. மேற்பார்வையாளர் வேலைக்குப் போன பிறகு ஊக்கத்தொகை எப்படிக் கணக்காகிறது என்பது அவளுக்கு வெறும் தகவலாகிவிட்டிருந்தது. ஒரு முக்காலியை இழுத்து அவர்கள் நடுவில் போட்டு உட்கார்ந்தாள். முழுப் பகுதியின் சராசரியை மாற்று ஆளுக்குக் கொடுத்தால் என்ன, அதற்கு நஸீமின் ஒப்புதல் வேண்டும், இன்றே கேட்கிறேன் என்றாள். வாரத்துக்கு ஒருத்தி மாறி மாறி இருக்கட்டும் என்றாள் இன்னொருத்தி. அப்படியென்றால் வேகமில்லாதவள் இருக்கும் வாரத்தில் எழும்பிப் போகிறவளின் எண்ணிக்கை இறங்கும், எல்லோருக்கும் நட்டம் என்றாள் வேறொருத்தி.

“அப்ப முதல் வாரம் நான் இருக்கேன்,” என்றாள் அபீபா. “உங்களுக்காக இல்ல. எனக்கு ரெண்டு தடவ கிட்னில கல்லு வந்து போயிருக்கு, அதுக்காக.”

இரண்டாவது ஆள் யார் என்பதில் பேச்சு மறுபடி சூடானது. தர்மிளாவுக்குத் தூக்கக் கலக்கத்தில் கண் எரிந்தது. எழுந்து போகாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.