வாய் மூடிப் பாடிய பாட்டு

இதைச் சபையில் எழுந்து சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார், அது உண்மை. ஆனால் அதற்கு முன் மூன்று வருடம் நான் தப்பான ஜெபம் செய்துகொண்டிருந்தேன். அதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் இது சாட்சி ஆகாது.

அடையாறில் ஆதரவற்ற பெண்களுக்கான ஒரு காப்பகத்தில் நான் சமையல் பார்க்கிறேன். காலைச் சாப்பாடு முடிந்ததும் ஒன்பது மணிக்கு ஹாலில் சின்ன ஜெபம் நடத்துவதும் நான்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் போலீஸ்காரர்கள் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து விட்டார்கள். ஆற்றுப் பாலத்துக்கு அடியில் நனைந்தபடி உட்கார்ந்திருந்தாளாம். முப்பத்தைந்து வயதிருக்கும். பேச்சே கிடையாது. பேர் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நாங்களே செல்வி என்று பேர் வைத்தோம்.

செல்வி பேசமாட்டாளே தவிர, முனகுவாள். வாயை மூடிக்கொண்டு ஒரே மெட்டு. அதுவும் சரியாக என் ஜெப நேரத்தில். நான் ஒரு சுருதியில் பாட, அவள் வேறொரு சுருதியில் முனக, மற்ற பெண்கள் சிரிப்பார்கள். எனக்குக் கோபம் வரும். "ஆண்டவரே, இவள் வாயை அடக்கும்" என்று ஜெபித்தேன். ஒரு நாள் இல்லை, மூன்று வருடம்.

போன ஜூன் மாதம் காப்பகத்தை நடத்துகிற மேடத்திடம் சொல்லி, ஜெப நேரத்தில் அவளைப் பின்பக்கத்து அறையில் உட்கார வைக்க ஏற்பாடு செய்தேன். நாலே நாளில் முனகல் நின்றது. என் ஜெபம் கேட்கப்பட்டது என்று நினைத்தேன். அடுத்த வாரம் சாப்பாடும் நின்றது. கஞ்சியைத் துப்பினாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "உடம்புல பெரிய வியாதி எதுவும் இல்ல. மனசு விட்டுப்போச்சு. இவங்களுக்குன்னு யாராவது இருந்தா வரச் சொல்லுங்க" என்றார்.

யாரை வரச் சொல்வது? பேரே தெரியாதே.

அன்று சமையலறையில் முழங்காலில் விழுந்து அழுதேன். "ஆண்டவரே, நான் செய்தது பாவம். இவளுக்கு ஒரு ஆளைக் காட்டும்." அவ்வளவுதான் ஜெபம்.

மறுநாள் ஒன்பது மணிக்கு நான் ஹாலுக்குப் போகவில்லை. கஞ்சியை எடுத்துக்கொண்டு பின் அறைக்குப் போனேன். கதவு பாதி திறந்திருந்தது. செல்வி நின்றுகொண்டிருந்தாள். வலது கையை முன்னால் நீட்டினாள், முன்னால் நிற்கிற யாரோ ஒருவரின் தோளைத் தொட்டு இடைவெளி பார்ப்பதுபோல. பிறகு கையை இறக்கி, கால்களைச் சேர்த்து, கைகூப்பி, ஹாலுக்குக் கேட்காத அளவுக்கு மெல்ல முனக ஆரம்பித்தாள்.

பள்ளிக்கூடத்தில் காலையில் வரிசையில் நிற்கிற பிள்ளைகள் அப்படித்தானே கையை நீட்டுவார்கள்? இது அவளுடைய பள்ளிப் பிரார்த்தனைப் பாட்டு. மூன்று வருடமாக அவளும் ஒன்பது மணிக்கு ஜெபம்தான் செய்திருக்கிறாள்.

போனில் பதிவு செய்துகொண்டு, சாயங்காலமே எங்கள் பாடகர் குழுத் தலைவர் ஜெயசீலன் அண்ணனிடம் ஓடினேன். தி. நகரில் தையல் மெஷின் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறார். காதருகே போனை வைத்து நாலு தடவை கேட்டார்.

"இது சர்ச்சுல பாடுற ஞானப்பாட்டு மெட்டு மாதிரி இருக்கு எஸ்தர். நாலு வரி. வார்த்தை தெரியலேன்னா பரவாயில்ல. ஒரு வரிக்கு எத்தனை அசை, அதாவது வாய் எத்தனை துண்டா உச்சரிக்குதுன்னு தெரிஞ்சா போதும், மெட்டைப் பிடிச்சிடலாம்."

அவரிடம் பழைய மெட்டுப் புத்தகம் ஒன்று இருந்தது. அதன் கடைசிப் பக்கங்களில் பாட்டுகளை அசைக் கணக்குப்படி அடுக்கியிருக்கும். எட்டும் ஏழுமாக வருகிற மெட்டுகள் ஒரு கட்டு, எட்டும் ஆறுமாக வருகிறவை ஒரு கட்டு, இப்படி. அண்ணன் பதிவைக் கேட்டு டோ ரே மி என்று சுரங்களைத் தாளில் எழுதி எண்ணினார். முதல் வரி ஒன்பது சுரம், இரண்டாவது ஏழு, மறுபடி ஒன்பது, ஏழு. அந்தக் கணக்கில் புத்தகத்தில் ஒன்றுமே இல்லை. இரண்டு வாரம் வேறு புத்தகங்களிலும் தேடினோம். கிடைக்கவில்லை. அதற்குள் செல்வி எலும்பும் தோலுமாகிவிட்டாள்.

"ஒரு அசையை ரெண்டு சுரத்துல இழுத்துப் பாடினா, நான் ரெண்டா எண்ணியிருப்பேன்" என்றார் அண்ணன். "வாயை மூடிப் பாடுறதால எது இழுப்பு, எது புது அசைன்னு காதுக்குத் தெரியல. நீ பக்கத்துல உட்கார்ந்து பாரேன்."

உட்கார்ந்தேன். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவள் முகத்தை இவ்வளவு அருகில் பார்த்தேன். அவள் வாய் மூடியிருந்தது, ஆனால் தாடை அசைந்தது. உள்ளுக்குள் வார்த்தைகளைச் சொல்லித்தான் முனகினாள்! ஒவ்வொரு அசைக்கும் தாடை ஒரு தடவை அசையும். முதல் வரியில் ஓர் இடத்தில் சுரம் மாறியது, தாடை மாறவில்லை. அதுதான் இழுப்பு. மூன்றாவது வரியிலும் அப்படியே. விரல் விட்டு எண்ணினேன். எட்டு, ஏழு, எட்டு, ஏழு.

எட்டும் ஏழுமாக வருகிற அந்தக் கட்டில் நிறைய மெட்டுகள் இருந்தன. அண்ணன் ஒவ்வொன்றின் முதல் வரிச் சுரங்களையும் எங்கள் தாளோடு ஒப்பிட்டுக்கொண்டே போய், ஒன்றில் விரலை வைத்தார். ஆர்மோனியத்தில் வாசித்தார். அதேதான்! நான் அழுதேவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "மெட்டுதான் கிடைச்சிருக்கு, பள்ளிக்கூடம் கிடைக்கல. இந்த மெட்டுல ஆளுக்கொரு வார்த்தை போட்டு எத்தனையோ பள்ளியில பாடுவாங்க. இதை வெச்சு ஆளைத் தேட முடியாது. இவ பாடுறதுல புத்தகத்துல இல்லாதது என்னன்னு பார்ப்போம். அதுதான் அடையாளம்."

இரண்டு இருந்தன. மூன்றாவது வரியில் மேல் டோ வரை ஏற வேண்டிய இடத்தில் செல்வி ஏறாமல் ஒரு சுரம் கீழேயே நின்று இறங்கிவிடுவாள். தினமும் அப்படியே, ஆகவே அது அவளுடைய தவறு அல்ல, கற்றுக்கொடுத்த விதம். இன்னொன்று, நாலு வரி முடிந்த பிறகு ஐந்து அசையில் ஒரு சின்ன வால். அதை இரண்டு தடவை பாடுவாள். அது புத்தகத்தில் கிடையாது.

"நாமா எதையும் சொல்லிக்கொடுக்கக் கூடாது" என்று சொல்லி, அண்ணன் அந்த இரண்டும் இல்லாமல் மெட்டை மட்டும் தன் குரலில் 'லா லா' என்று பாடிப் பதிவு செய்து, தெரிந்த ஆசிரியர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். "எங்கள் பள்ளிப் பாட்டு" என்று ஏழெட்டுப் பேர் பதில் போட்டார்கள். பாடிக் காட்டச் சொன்னால் எல்லாரும் மூன்றாவது வரியில் மேலே ஏறினார்கள். வாலும் இல்லை.

ஒரு சனிக்கிழமை காப்பகத்துக்கு மீன் வாங்கப் பட்டினப்பாக்கம் போனேன். வழக்கமாக வாங்குகிற தேவகியிடம் சங்கரா மீனைக் கழுவச் சொல்லிவிட்டு, என்னை அறியாமல் அந்த வாலை முனகிக்கொண்டு நின்றேன். தேவகியின் கத்தி நின்றது.

"யக்கா, இன்னா பாடிக்கினு கீறே? இது எங்க இஸ்கூலு பாட்டாச்சே!"

மீதிப் பாட்டையும் பாடிக் காட்ட வாய் வந்தது. ஆனாலும் அண்ணன் சொன்னது ஞாபகம் வந்தது. நான் எதையும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. "எனக்கு முழுசா தெரியாது தேவகி. நீ பாடு" என்றேன்.

செதில் ஒட்டிய கையோடு கண்ணை மூடிப் பாடினாள்.

*காலை நேரம் கூடி நின்றோம்*
*கைகள் கூப்பி வேண்டினோம்*
*வீடு சேரும் பாதை காட்டி*
*வெள்ளம் தாண்டச் செய்குவாய்*

மூன்றாவது வரியில் மேலே ஏறவில்லை. ஒரு சுரம் கீழேயே நின்று இறங்கினாள். அதன் பிறகு வால்: *ஆற்றோரப் பள்ளி, ஆற்றோரப் பள்ளி.*

"ஏன் அங்கே மேலே போகல?" என்று கேட்டேன்.

"டீச்சரம்மா ஆர்மோனியப் பொட்டியில அந்தக் கட்டை அடிக்காதுக்கா. அதனால அப்படியே பழகிட்டோம்."

"வார்த்தையை நோட்டுல எழுதி வெச்சிருக்கியா?"

"யாரு எழுதினா? டீச்சரம்மா ஒரு வரி சொல்லுவாங்க, நாங்க திருப்பிச் சொல்லுவோம். அவங்களே கட்டின பாட்டு. நான் கண்ணாலங்கட்டி இங்க வந்தேன். ஆத்தோரத்துல குடிசையெல்லாம் எடுத்துட்டு, எங்க சனத்த பெரும்பாக்கம் பக்கம் கொண்டுபோய் வெச்சாங்க. இஸ்கூலும் பூட்டுச்சு."

அன்று மத்தியானமே கடையை மூடிவிட்டு என்னோடு வந்தாள். செல்வி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தேவகி தரையில் உட்கார்ந்து, வார்த்தைகளோடு பாடினாள். இரண்டாவது வரியில் செல்வி திரும்பினாள். வாலுக்கு வரும்போது அவள் உதடு பிரிந்தது. "ஆற்றோரப் பள்ளி." கரகரத்த குரல். மூன்று வருடத்தில் நாங்கள் கேட்ட முதல் வார்த்தை.

தேவகிக்கு அவள் முகம் அடையாளம் தெரியவில்லை. படத்தை எங்கும் போடக் கூடாது என்று மேடம் சொல்லிவிட்டதால், வயதையும் அவள் நெற்றியில் இருந்த ஒரு தழும்பையும் மட்டும் தன் பழைய சனங்களுக்குச் சொல்லி அனுப்பினாள். மூன்றாம் நாள் ஒரு பெண் வந்தாள். பேர் சுமதி. வாசலில் நின்று "அம்சாக்கா" என்று கூப்பிட்டாள். செல்வி, இல்லை, அம்சவல்லி, எழுந்து நடந்தாள்.

கூடப்பிறந்த தங்கை சுமதி சொல்லித்தான் தெரிந்தது, அம்சாவுக்குச் சின்ன வயதிலிருந்தே மனநலக் குறைவு. வீடு மாற்றிப் போனது அவளுக்குப் பிடிபடவில்லை. ஒரு நாள் பஸ் ஏறிப் பழைய வீட்டைத் தேடி ஆற்றோரம் வந்திருக்கிறாள். அங்கே வீடு இல்லை.

"அம்மா?" என்று கேட்டாள் அம்சா. சுமதி அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

பிறகு என்னிடம் தனியாகச் சொன்னாள். "அம்மா வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை பஸ் புடிச்சு அடையாறு வரும்கா. பாலத்தாண்ட, கோயிலாண்ட, எல்லா எடத்துலயும் தேடும். போன வருசம் ஆடியில செத்துப்பூட்டுச்சு."

போன வருட ஆடி. அதற்கு முன் கிட்டத்தட்ட இரண்டு வருடமாக அம்சா எங்கள் ஹாலில் தினமும் பாடிக்கொண்டிருந்தாள். அந்தத் தாய் எங்கள் தெருமுனையில்கூட நடந்திருப்பாள். நான் மறைக்கவில்லை. என் எரிச்சலை, என் ஜெபத்தை, பின் அறையை, எல்லாவற்றையும் சுமதியிடம் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவ்ளோ நாளா பாடிக்கினே இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

அம்சா இப்போது தங்கையோடு இருக்கிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள். மருந்து எடுக்கிறாள். என்னைப் பார்த்தால் என் பேரைச் சொல்கிறாள். அவளை வீடு சேர்த்த தேவனுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தீரவில்லை. அந்தத் தாயை நினைக்கும்போது மட்டும் என் வாயில் ஸ்தோத்திரம் பாதியில் நின்றுவிடுகிறது. மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். மன்னித்திருப்பார் என்று விசுவாசிக்கிறேன்.

இப்போது ஜெபத்துக்கு முன் ஹாலில் ஒவ்வொரு பெண்ணின் அருகிலும் கொஞ்ச நேரம் உட்காருகிறேன். பேசாதவர்களின் அருகில் இன்னும் கூடுதலாக.

பிரியமானவர்களே, கேளுங்கள், அவர் பதில் தருவார். சமையலறைத் தரையில் கேட்ட ஒரு வரி ஜெபத்துக்கு மீன் கடையில் பதில் தந்தவர் அவர். உங்கள் வீட்டில், உங்கள் தெருவில், உங்களைத் தொந்தரவு செய்கிற ஒரு குரல் இருந்தால், அதை அடக்கச் சொல்லி அவரிடம் கேட்காதீர்கள். எழுந்து போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். இன்றைக்கே போங்கள். எங்கோ ஒரு தாய் இன்னும் உயிரோடு இருக்கலாம்.