கல்லாவிலிருந்து ஒரு கூப்பாடு

பைப்புக் கடைக்காரம்மாவுக்கு அறுபது வயது தாண்டும் வரை பொறாமை என்றால் என்னவென்றே தெரியாது. தெரிந்துகொள்ள அவசியமும் வரவில்லை. அவள் புருஷன் குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார், எதிர்வீட்டு வாசலை ஏறிட்டும் பார்க்க மாட்டார். பைப்பு, குழாய், வாஷர், இவற்றைத் தவிர அவருக்கு உலகத்தில் வேறொன்றும் கண்ணில் படாது. அப்பேர்ப்பட்ட மனுஷர் வயதான காலத்தில் வாரத்தில் நாலு நாள் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, ஒரு சின்னப் பொண்ணு முன்னால் போய் 'ஆ' என்று வாயைத் திறந்தார். இவளுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

கதையை முதலிலிருந்து சொன்னால்தான் அந்த எரிச்சல் புரியும்.

அவர்கள் கடை முன்னால் குறுகல், பின்னால் நீளம். வாசலை ஒட்டிக் கல்லா, அதில் அவர். நடுவில் ஆள் ஒருக்களித்துத்தான் நடக்க முடியும், இருபுறமும் பைப்புகள் சாய்ந்து நிற்கும். அதைத் தாண்டினால் கிடங்கு, அங்கே இவள். எந்தத் தட்டில் எந்த அளவு எல்போ வளைவு, எந்த டப்பாவில் எந்த வாஷர் என்று இருட்டில் கேட்டாலும் எடுப்பாள். பிளம்பர் வந்து கல்லாவில் கேட்பார். அவர் அங்கிருந்தே குரல் கொடுப்பார்.

"பட்டாசு! முக்கால் எல்போ நாலு, டீ ஜாயிண்ட் ரெண்டு, டேப் ஒண்ணு!"

பட்டாசு என்பது இவள்தான். கல்யாணமான புதிதில் இவள் கோபத்தைப் பார்த்து அவர் வைத்த பெயர், அதுவே நிலைத்துவிட்டது. கொஞ்சம் தாமதமானால் போதும், "உள்ள என்ன, தூங்கிட்டியா?" என்று இன்னொரு கூப்பாடு வரும். எதிர்ச்சாரி டீக்கடை வரைக்கும் கேட்கும். டீக்கடைக்காரர், "எழுந்திருங்கம்மா, விடிஞ்சிருச்சு" என்று அங்கிருந்து கிண்டல் செய்வார். இவளுக்கு மானம் போகும். "நாலு பேர் முன்னாடி என்னை எதுக்கு இப்படிக் கத்துறீங்க? நான் என்ன செவிடா?" என்று ஒவ்வொரு ராத்திரியும் சண்டை. அவர் சிரித்துக்கொண்டே தூங்கிவிடுவார்.

பிறகு நடுக்கம் வந்தது. முதலில் வலது கை, அப்புறம் நடை சுருங்கியது. பார்க்கின்சன் என்றார் நரம்பு டாக்டர். மாத்திரையில் கை ஓரளவு அடங்கியது. குரல் மட்டும் தண்ணீர்த் தொட்டியில் ஓட்டை விழுந்த மாதிரி, யாருக்கும் தெரியாமல் இறங்கிக்கொண்டே போனது. கிடங்குக்கு எட்டாமல் போனது, அப்புறம் கல்லாவுக்கு எதிரே நிற்பவருக்கே எட்டாமல் போனது. ஆனால் அவரிடம் கேட்டால், "நான் நல்லாத்தான் பேசுறேன். உனக்குத்தான் காது மந்தமாயிருச்சு" என்பார். அதுவும் முணுமுணுப்பாக.

இவளும் நம்பித் தொலைத்தாள். காது டாக்டரிடம் போய், காதில் எதையோ மாட்டிக்கொண்டு, பீப் சத்தம் கேட்கிற போதெல்லாம் கையைத் தூக்கிவிட்டு வந்தாள். "உங்க காது கண்ணாடி மாதிரி இருக்கும்மா" என்று அனுப்பிவிட்டார்கள்.

அன்றிலிருந்து அவர் குரல் இவள்தான். கிடங்கிலிருந்து கல்லாவுக்கு ஓடி வருவாள், அவர் வாயருகே காதை வைப்பாள், நிமிர்ந்து பிளம்பரிடம் சொல்வாள், மறுபடி கிடங்குக்கு ஓடுவாள். அவரைக் கூப்பிட வைத்துச் சிரமப்படுத்தக் கூடாதென்று கல்லாவில் ஒரு அழைப்பு மணியும் பொருத்தினாள். அவர் பொத்தானை அழுத்தினால் உள்ளே மணி அடிக்கும். முழங்கால் வலித்தது, மூச்சு வாங்கியது. ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும், அவளுக்கு அது பிடித்திருந்தது. உலகத்தில் அவர் பேச்சு புரிகிற ஒரே ஆள் நான் என்று ஒரு கர்வம். பிளம்பர்கள் அவரைப் பார்க்காமல் இவளைப் பார்த்தே பேச ஆரம்பித்தார்கள். அவர் பேசுவதும் குறைந்தது. கல்லாவில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"கடையைக் கொடுத்துடலாமா?" என்று ஒருநாள் அவர் காதோடு கேட்டபோதுதான் இவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுநாளே நரம்பு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். கை அளவுக்குக் குரலுக்கு மாத்திரை உதவாது, பயிற்சிதான் வேண்டும் என்றார் அவர். தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, குரல்நாணில் வேறு கோளாறு இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அப்புறம்தான் அதே ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடிக் கோடி அறை, அந்தப் பொண்ணு.

பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். பளிச்சென்ற சிரிப்பு, ஒல்லி உடம்பு, மேசையில் சத்தத்தை அளக்கும் கருவி. முதல்நாள் இவளையும் உள்ளே உட்கார வைத்தாள்.

"ஐயா, நல்லா மூச்சை இழுங்க. தொண்டையை இறுக்காம, சத்தமா, எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் 'ஆ' சொல்லுங்க."

அவர் சொன்னார். கருவியில் எண் ஏறவே இல்லை.

"இன்னும் சத்தமா! தெருக்கோடியில நிக்கிறவருக்குக் கேக்கணும்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த முறை வந்தது குரல். கரகரப்பாக, ஆனால் குரல். எண் கிடுகிடுவென்று ஏறியது. இவள் நாற்காலி விளிம்புக்கே வந்துவிட்டாள். எத்தனை காலமாச்சு இந்தக் குரலைக் கேட்டு! ஆனால் அவரோ வெட்கத்தோடு, "கத்திட்டேனே" என்றார்.

"இல்லய்யா, இதுதான் எல்லாரும் பேசுற அளவு. உங்க மூளைக்குள்ள அளவுகோல் சின்னதாயிருச்சு. உங்களுக்குக் கத்துற மாதிரி இருந்தா, எங்களுக்குச் சரியாக் கேக்குதுன்னு அர்த்தம்" என்றாள் பொண்ணு. பிறகு இவள் பக்கம் திரும்பினாள். "அம்மா, நீங்க ஒரு உதவி செய்யணும். அவர் பக்கத்துல ஓடிப் போகாதீங்க. அவருக்குப் பதிலா நீங்க பேசாதீங்க. கேக்கலன்னா, இருந்த இடத்துலயே 'கேக்கல'ன்னு சொல்லுங்க. அந்த மணியையும் கழட்டிருங்க."

இவள் முகத்தில் கடுகு போட்டால் பொரிந்திருக்கும். நேற்று முளைத்தவள், என் புருஷன் பக்கத்தில் போகாதே என்கிறாள்! வாயைத் திறந்தால் வெடித்துவிடும் என்று, "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். மணியைக் கழற்றவில்லை. பக்கத்தில் ஓடுவதையும் நிறுத்தவில்லை.

ஒரு மாசம் பயிற்சி, வாரத்தில் நாலு நாள். இவள் நடைவழியில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். சாத்திய கதவுக்குள் 'ஆ' நீளும், உச்சிக்கு ஏறும், பாதாளத்துக்கு இறங்கும். அன்றாடம் பேசுகிற வாக்கியங்களை உரக்கச் சொல்வார். அப்புறம் பேச்சு, சிரிப்பு. ஒருநாள் கதவு வழியாக முழுக் கதையும் கேட்டது.

"ஒருத்தன் குழாயைத் திருப்பிக் கொண்டாந்தான். தண்ணியே வரலங்கிறான். எங்க மாட்டுனேன்னு கேட்டா, பைப்புல இல்ல, சுவத்துல ஆணி அடிச்சு மாட்டிருக்கான்!"

பொண்ணு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். வெளியே இவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. இத்தனை வருஷத்தில் எனக்குச் சொல்லாத கதை! எனக்கு முணுமுணுப்பு, அவளுக்கு மேளக்கச்சேரியா? வீட்டில் "காப்பி வேணுமா?" என்று கேட்டால் உதடு மட்டும் அசையும். நேற்றுகூட வாயருகே குனிந்து குனிந்து இடுப்பு பிடித்துக்கொண்டது. வீட்டில் செய்யச் சொன்ன பயிற்சியையும் அவர் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்வார். பொண்டாட்டி கேட்கக் கூடாத ரகசியம் போல!

மறுநாள் காலை கடை திறந்து உள்ளே போனவுடனே மணி அடித்தது. கல்லாவுக்கு வந்தாள். அவர் உதடு அசைந்தது. அவ்வளவுதான், பட்டாசுக்குத் திரி பற்றிக்கொண்டது.

"அங்க ஒரு குரல், இங்க ஒரு குரலா? அவளுக்குன்னா ஆணி அடிச்ச கதை, எனக்குன்னா மணியா? நான் என்ன வேலைக்காரியா?"

அவர் மிரண்டு போய்ப் பார்த்தார். மெல்ல ஏதோ சொன்னார். பழக்கதோஷத்தில் காதை வாயருகே கொண்டுபோனாள்.

"உனக்குத்தான் பக்கத்துல வந்து கேக்குதே."

"அதனால?"

"சத்தமாப் பேசுனா உன்னைத் திட்டுற மாதிரி இருக்கு எனக்கு. நாலு பேர் முன்னாடி கத்தாதீங்கன்னு எத்தனை வருஷம் சண்டை போட்டே நீ. இப்பவாவது கத்தாம இருக்கலாம்னு பாத்தேன்."

அந்தப் பொண்ணு சொன்ன அளவுகோல் இப்போதுதான் இவள் மண்டையில் உறைத்தது. சரியாகப் பேசுகிற அளவே அவருக்குக் கத்தலாகப் படுகிறது, பொண்டாட்டியைக் கத்தக் கூடாதென்று பாவி மனுஷன் பேசுவதையே அடக்கிக்கொண்டிருந்திருக்கிறார். தானும் ஓடி ஓடிக் காதைக் கொடுத்து, மணி மாட்டி, இருந்த கொஞ்சக் குரலுக்கும் வேலையில்லாமல் செய்துவிட்டாள். கோபம் யார்மேல் பாய்வதென்று தெரியாமல் கடைசியில் மணியின் மேல் போய் விழுந்தது. ஒரே இழுப்பில் ஒயரோடு பிய்த்து மேசைக்கு அடியில் எறிந்தாள்.

"இனிமே கூப்பிட்டாத்தான் வருவேன்" என்று சொல்லிவிட்டுக் கிடங்குக்குள் போனாள்.

சற்று நேரத்தில் பிளம்பர் வந்த சத்தம் கேட்டது, பழைய வாடிக்கைக்காரர். அளவு சொன்னார். அப்புறம் அமைதி. இவள் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால் தானாகக் கல்லாப் பக்கம் திரும்பியது, பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தினாள். இப்போது வரவில்லையென்றால் இனி வராது, கடையையும் கொடுத்துவிட வேண்டியதுதான். முணுமுணுப்பு கேட்டது.

"கேக்கல!" என்றாள். நோயாளியிடம் இப்படிப் பேசுகிறோமே என்றிருந்தது.

மறுபடி ஏதோ. கொஞ்சம் பரவாயில்லை.

"கேக்கல!"

"நான் வேணா சொல்லட்டுமாண்ணே?" என்றார் பிளம்பர் முன்னால். இவளுக்கு அவரைக் கொன்றுபோடலாம் போலிருந்தது. நல்லவேளை, புருஷன் கையைக் காட்டி அவரை நிறுத்தியிருக்க வேண்டும். நாற்காலி கிறீச்சிட்டது. மூச்சை இழுக்கும் சத்தம் கிடங்கு வரைக்கும் கேட்டது.

"பட்டாசு! அரை இன்ச் எல்போ ஆறு! உள்ள என்ன, தூங்கிட்டியா?"

எதிர்ச்சாரி டீக்கடையில் யாரோ கைதட்டினார்கள். கிடங்கில் இவள் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். எல்போ ஆறும் ஏற்கெனவே கையில்தான் இருந்தது, பிளம்பர் சொன்னபோதே எடுத்துவிட்டாள். நடந்தால் பத்தடி. ஆனால் அந்தப் பொண்ணு ஒரு மாசமாக இந்தக் குரலை வாரத்தில் நாலு நாள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். என் பங்கு எங்கே?

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முடிந்தவரை கோபமாகக் குரல் கொடுத்தாள்.

"கேக்கல!"