ஐஸ் மெஷினின் ஏட்டுப் பெறுமதி

காலையில் பாடசாலையில் வர்த்தகம் படிப்பித்து, பின்னேரங்களில் கல்முனையில் நாலைந்து கடைகளுக்குக் கணக்குப் பார்த்துக்கொடுத்த காலம் அது. அவற்றில் ஒன்று மீனவர்களுக்கு ஐஸ் போடும் ஒரு சிறிய நிறுவனம். ஒரு ஹாஜியாரும் அவருடைய தம்பியும் பாதிக்குப் பாதி பங்காளிகள். தம்பி திடீரென்று மாரடைப்பில் மௌத்தானார். அவருடைய பங்கு மனைவிக்கு வந்தது. ஹாஜியாரின் மருமகன் கணக்கைக் கையில் எடுத்தான்; எனக்குச் சம்பளக் கணக்கு மட்டும் மிஞ்சியது. கொழும்பில் ஆறு மாதம் ஏதோ டிப்ளோமா செய்தவன். அதை அவன் சொல்லாத நாளில்லை.

இரண்டு வருடம் கழித்து அந்தப் பெண் பங்கிலிருந்து விலக விரும்பினார். விலகுகிறவருக்கு ஏட்டுப் பெறுமதிப்படி, அதாவது வாங்கிய விலையில் தேய்வு கழித்த மீதிப்படி, பங்கு கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. மற்றச் சொத்துகளில் தகராறு இல்லை. பெரிய சொத்து ஐஸ் மெஷின்தான்.

மருமகன் எனக்கு வட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷொட் அனுப்பினான். நிலையான சொத்துப் பதிவேட்டில் மெஷினுக்குரிய வரிசை மட்டும். பின்னாலேயே குரல் பதிவு வந்தது.

"டீச்சர், எல்லாம் சரியா இரிக்கி. சரி எண்டு ஒரு கடிதம் அடிச்சுத் தாங்க. வேற ஒண்டும் பார்க்கத் தேவையில்ல."

பார்க்கத் தேவையில்லை என்று ஒருவன் சொன்னால் நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வேன்.

கிரயம் ஐம்பது லட்சம். தேய்வு வீதம் இருபது. கணக்கு வருடம் தொடங்கும் ஏப்ரல் முதலாம் திகதியே வாங்கியதால் முதல் வருடத்துக்கும் முழுத் தேய்வு. முதல் வருடம் பத்து லட்சம், மீதி நாற்பது. இரண்டாம் வருடம் எட்டு லட்சம், மீதி முப்பத்திரண்டு. இதுவரை கணக்கு ஒழுங்காக இருந்தது. ஒவ்வொரு வருடமும் மீதியில் இருபது வீதம் கழிக்கும் குறைந்து செல் மீதி முறை. மௌத்தானவர் தன் கையால் எழுதி வந்த முறை அது.

மூன்றாம் வருடம் பத்து லட்சம். நான்காம் வருடமும் பத்து லட்சம். மீதி பன்னிரண்டு.

அதாவது, அவர் கண்ணை மூடியதும் இருபது வீதம் மீதியை விட்டுவிட்டு முழுக் கிரயத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. நான் கல்குலேட்டரை எடுத்தேன். முப்பத்திரண்டில் இருபது வீதம் ஆறு லட்சத்து நாற்பதாயிரம், மீதி இருபத்தைந்து லட்சத்து அறுபதாயிரம். அதில் இருபது வீதம் ஐந்து லட்சத்துப் பன்னிரண்டாயிரம். மீதி இருபது லட்சத்து நாற்பத்தெட்டாயிரம். அதில் பாதி பத்து லட்சத்து இருபத்துநாலாயிரம். இவன் கொடுக்க நினைத்ததோ ஆறு லட்சம்.

அவனுக்கு அழைப்பு எடுத்தேன்.

"தம்பி, மூணாம் வருசம் முறைய மாத்தினது யாரு?"

"சொஃப்ட்வெயார் போட்டது டீச்சர். அது பிழைக்காது."

"நீங்க சொல்லிக்கொடுத்தத்தான் அது போடும். முப்பத்திரண்டுல இருபது வீதம் எவ்வளவு?"

"ஏன் டீச்சர் சின்ன விசயத்தப் பெரிசாக்கிறீங்க? உங்களுக்கு வருசா வருசம் வேல தாறது நாங்கதானே?" என்றான்.

அந்தக் கேள்வி என்னைக் கூசவைத்தது. ஒரு நாள் முழுக்கக் கடிதம் எழுதாமலும் மறுக்காமலும் இருந்தேன். மருமகனின் மேல் எனக்கு இருந்த இளக்காரத்தில் ஒரு பங்கை அந்த ஒரு நாளுக்காக நானே வைத்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் நான்கு வருடத் தேய்வையும் ஒரே தாளில் எழுதி, இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு அசர் தொழுகைக்குப் பிறகு ஹாஜியார் வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண்ணையும் வரச்சொல்லியிருந்தேன். மருமகன் போனை நோண்டிக்கொண்டிருந்தான். ஹாஜியார் தாளை வாசித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வியப்புக்கூட இல்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது, மனிதருக்கு இது முன்னரே தெரியும்.

"பொடியன் கைத்தவறா அடிச்சிட்டான்," என்றார்.

"ரெண்டு வருசமும் ஒரே கைத்தவறா மச்சான்?" என்று அந்தப் பெண் கேட்டார். குரல் உயரவில்லை.

மூன்று தடவை ஹஜ் செய்தவர் தேத்தண்ணிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மௌத்தான தம்பியின் பிள்ளைகளுக்கு நோன்புப் பெருநாளுக்கு உடுப்பு எடுத்துக்கொடுத்ததை ஊர் முழுக்கச் சொல்லித்திரிந்தவர் இவர்தான். ஒரு கையால் கொடுத்த சட்டைக்கு மற்றக் கையால் நாலு லட்சத்துக்கு மேல் பிடித்துக்கொள்ளப் பார்த்திருக்கிறார். மருமகனின் மடமையை என்னால் சகிக்க முடிந்தது. இந்த மௌனத்தை முடியவில்லை.

"ராத்தா, கணக்குப்படி தராம நீங்க கையெழுத்து வைக்காதீங்க," என்றேன் அந்தப் பெண்ணிடம், ஹாஜியார் முன்னாலேயே.

அவர் கையெழுத்து வைக்காமல் எழும்பிப் போனார்; ஒரு மாதத்துக்குள் இரண்டு காசோலைகளில் முழுத்தொகையும் அவருக்கு வந்தது. அந்தப் பெண் இறக்காமத்தில் அரை ஏக்கர் வயல் வாங்கிக் குத்தகைக்கு விட்டார். ஐஸ் நிறுவனம் அதன்பிறகு எனக்கு வேலை தரவில்லை. நானும் கேட்கவில்லை. மருமகன் இப்போது கணக்கியல் ஆலோசகர் என்று விசிட்டிங் கார்ட் அடித்து, கல்யாண வீடுகளில் பந்திக்குப் பந்தி கொடுத்துத் திரிகிறான்.