அது குச்சியில்லை

என் நாத்தனாரை எங்கள் பறவை மருத்துவமனையில் எல்லோரும் ‘ஜூம் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். யார் எந்தப் படத்தைக் காட்டினாலும் “இன்னும் கிட்ட எடு” என்பார். என் கல்யாணப் பேச்சு நடந்தபோது என் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “பொண்ணுக்குக் கோபம் மூக்கு மேல நிக்குது” என்று தம்பியிடம் சொன்னவர் அவர். தம்பி கேட்கவில்லை. இப்போது அனுபவிக்கிறார்.

முன்பு ஒரு ஸ்டுடியோவில் படங்களைத் திருத்தும் வேலை பார்த்தவர். மரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கருப்பு, எல்லாவற்றையும் அழித்து மனிதர்களை அழகாக்கி அனுப்புவார். ஆளாளுக்குக் கையில் போன் வந்து, அதுவே எல்லாவற்றையும் அழிக்கத் தொடங்கியதும் ஸ்டுடியோவுக்குப் பூட்டு விழுந்தது. இரண்டு வாரம் சும்மா உட்கார்ந்து என் சமையலில் குறை கண்டுபிடித்தார். மூன்றாவது வாரம் நானே இந்த வேலையைத் தேடிப் பிடித்துக் கொடுத்தேன். கூண்டுகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், பறவைகளைப் படமெடுத்து டாக்டருக்கு அனுப்ப வேண்டும். தொல்லை விட்டது என்று நினைத்தால், கறி வெட்ட ஆள் வேண்டும் என்று என்னையும் இழுத்துப் போட்டுவிட்டார்.

கடைசி அறையில் ஒரு பருந்து இருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் வீட்டில் வளர்க்க ஆசைப்பட்டு, பறந்துவிடக் கூடாது என்று இரண்டு பக்கச் சிறகிலும் இறகுகளைக் கத்தரிக்கோலால் நறுக்கியிருந்தான். அவன் கையில் கொள்ளிக்கட்டையை வைக்க. வெட்டின இறகு நகம் மாதிரி வளராது. வெட்டுப்பட்ட அடிக்கட்டை தானாக உதிர வேண்டும், அதே குழியிலிருந்து புது இறகு முளைத்து வர வேண்டும். அதற்குப் பறவை இறகு மாற்றும் பருவம் வர வேண்டும். நாங்களும் காத்திருந்தோம். அது தரையிலேயே தத்தித் தத்தி நடந்து, நான் போடும் கறியைத் தின்று, என்னையே முறைத்துக்கொண்டு கிடந்தது.

டாக்டர் பக்கத்து ஊரிலிருந்து வாரத்துக்கு ஒரு தடவை வருவார். மற்ற நாட்களில் போனில்தான் வைத்தியம். நல்ல பெண், விஷயம் தெரிந்தவர், சுற்றி வளைத்துப் பேசமாட்டார். அன்றைக்குக் காலையில் கூப்பிட்டு விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

“அக்கா, மிருகக்காட்சி சாலையில பருந்துக்கு ஒரு இடம் காலியாகியிருக்கு. நாளைக்கு வண்டி அனுப்புறாங்க. இதுவரைக்கும் சிறகு மாறுற அறிகுறியே இல்ல. குழி கெட்டுப்போயிருந்தா இனிமே முளைக்காது. நம்ம அறையில காலம் பூரா வச்சிருக்க முடியாது.”

“அங்க போனா?”

“நல்லா பாத்துப்பாங்க. ஆனா திரும்ப வெளிய விடமாட்டாங்க.”

“டாக்டர், இறகு கொட்டுதே! ஒரு வாரமா கொட்டுது. நான்தான் சொன்னேனே!”

“இறகுன்னா எந்த இறகு? அதுதான் கேள்வி. படம் அனுப்புங்க, பாக்கறேன். பிடிச்சுப் பாக்க வேண்டாம், போன தடவை பிடிச்சப்பவே ரெண்டு நாள் சாப்பிடல.”

இதுதான் எங்கள் பாஷையில் உள்ள வம்பு. கழுத்தில் இருப்பதும் இறகு, வயிற்றில் இருப்பதும் இறகு, பறக்க வைப்பதும் இறகு. நாத்தனார் ஒரு வாரமாக “இறகு கொட்டுது” என்று சொன்னதும், டாக்டர் “சரி” என்று கேட்டுக்கொண்டதும் இரண்டு வேறு சங்கதிகள்.

தரையில் கிடந்ததையெல்லாம் பொறுக்கி, கருப்புத் துணியில் பரப்பி, ஒவ்வொன்றாகப் படமெடுத்தார். முதலில் பஞ்சு மாதிரி ஒன்று. மூச்சு விட்டாலே ஓடியது. டாக்டர் உடனே பதில் சொன்னார்.

“இது தூவி அக்கா. பெருசாக்கிப் பாருங்க. நடுத்தண்டுன்னு சொல்ற மாதிரி ஒண்ணுமே இல்ல, அடியிலேயே முடிஞ்சுபோச்சு. இழை எல்லாம் ஒண்ணை ஒண்ணு பிடிக்காம ஆளுக்கொரு பக்கம் அலையுது. உடம்புச் சூட்டுக்காக உள்ளே இருக்கிறது. இதுக்கும் பறக்கிறதுக்கும் சம்பந்தம் இல்ல.”

அடுத்தது பார்க்க லட்சணமாக இருந்தது. பழுப்பு நிறம், இலை வடிவம். நான் “இதுதான், இதுதான்!” என்று குதித்தேன். நாத்தனார் படத்தைப் பெரிதாக்கினார். முகம் விழுந்துவிட்டது.

“தண்டு மெலிசா வளைஞ்சிருக்கு. ரெண்டு பக்கமும் ஒரே அகலம். மேல் பாதி இழை ஒட்டிப்போய் இருக்கு, கீழ்ப் பாதி பஞ்சா பிரிஞ்சு கிடக்கு.”

“அதனால?”

“அதனால இது உடம்பு மேல போர்த்தியிருக்கிற இறகு. நெஞ்சோ முதுகோ. சட்டை மாதிரின்னு வையேன்.”

டாக்டரும் அதையே சொன்னார். பறக்கிற இறகென்றால் தண்டு தடியாக, விறைப்பாக இருக்கும். இழைகள் கொக்கி போட்ட மாதிரி நெருக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கும். முக்கியமாக, தண்டு நடுவில் இருக்காது. காற்றை வெட்டிப் போகும் முன் பக்கம் குறுகல், பின் பக்கம் அகலம். சிறகின் வெளி நுனிக்குப் போகப் போக இந்தப் பேதம் கூடும். “அப்படி ஒண்ணு காட்டுங்க அக்கா, வண்டியை நானே நிறுத்தறேன்” என்றார்.

மத்தியானம் வரை தேடினோம். அறையின் மூலை முடுக்கெல்லாம், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், உட்காரும் கட்டைக்குப் பின்னால். பருந்து எங்களை இரண்டு பைத்தியங்களைப் பார்ப்பது போலப் பார்த்தது. பஞ்சும் சட்டையும்தான் கிடைத்தன.

எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. “அக்கா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. மூணாவது அறையில இன்னொரு பருந்து இருக்கு. அதோட பெரிய இறகு ஒண்ணு கிடக்கு. அதை வச்சுப் படம் எடுத்தா யாருக்குத் தெரியப்போகுது?”

நாத்தனார் நிமிர்ந்து பார்த்த பார்வையில் நான் இரண்டடி பின்னால் போனேன்.

“வாழ்நாள் பூரா படத்துல பொய் சொல்லித்தான் சோறு தின்னேன். அந்தப் பொய்யில ஒருத்தர் முகம் பளபளன்னு ஆச்சு, அவ்வளவுதான். இங்க பொய் சொல்லி, இது பறக்க முடியாததுன்னா, ஒரு நாள் திறந்துவிட்டுச் சாகடிப்போம். வாயை மூடிட்டு அந்தப் படத்தை எல்லாம் திரும்பக் காட்டு.”

காட்டினேன். காட்டாமல் இருக்க முடியுமா? அதே மாதிரி இன்னொரு பழுப்பு இறகைத் தரையில் கிடந்தபடியே எடுத்த முந்தின நாள் படம் ஒன்று இருந்தது. அதை வழக்கம் போலப் பெரிதாக்கிக்கொண்டே போனவர், இறகை விட்டு நகர்ந்து ஓரத்துக்குப் போனார். அங்கே ஒரு குச்சி கிடந்தது. பருந்து கொத்திப் போடும் சுள்ளிகள் அந்த அறையில் எப்போதும் கிடக்கும். தினமும் கூட்டி அள்ளுவோம்.

“இது என்ன?”

“குச்சி.”

“குச்சிக்கு உள்ளே ஓட்டை இருக்குமா?”

நான் குனிந்து பார்த்தேன். சுண்டுவிரல் நீளம். வெள்ளையாக, தடியாக, நேராக. மேல் நுனி நேர்கோட்டில் வெட்டியிருந்தது. உள்ளே வெறும் குழல். வெட்டுக்குச் சற்றுக் கீழே, தண்டின் இரண்டு பக்கமும் கொஞ்சம் இழை ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் கோடு கிழித்த மாதிரி ஒடுக்கம், மறுபக்கம் அதைவிட அகலம். இழைகள் பிரியாமல் இறுகியிருந்தன.

“அடி பாவி! அழகான முழு இறகைத் தேடிட்டு இருக்கோம். வெட்டின சிறகுல முழு இறகு எங்கிருந்துடி விழும்? அடிக்கட்டைதானே விழும்!”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஊரெல்லாம் தேடிய மாடு தொழுவத்திலேயே படுத்திருந்த கதைதான்.

படத்தை டாக்டருக்கு அனுப்பினோம். உடனே போன் வந்தது. குரலே மாறியிருந்தது. “இது பறக்கிற இறகோட கட்டைதான், சந்தேகமே இல்ல. ஆனா ஒண்ணை வச்சு முடிவெடுக்க முடியாது. எங்கயாவது மாட்டிப் பிடுங்கிட்டு வந்திருக்கலாம். அடி நுனி இந்தப் படத்துல தெரியல. அப்புறம் இன்னொரு பக்கச் சிறகுல இருந்தும் விழுந்திருக்கணும். இயல்பா மாறுதுன்னா ரெண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சோடியாத்தான் விழும்.”

கூட்டி அள்ளியதெல்லாம் பின்கட்டில் குப்பை மூட்டையாக இருந்தது. பறவை எச்சம், கறித் துண்டு, சுள்ளி, ஈரச் செய்தித்தாள். அந்த வாடையை நான் சொல்லமாட்டேன், நீங்கள் சாப்பிடும் நேரமாக இருக்கலாம். நாத்தனார் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மூட்டையைக் கவிழ்த்தார்.

“அக்கா, கையுறையாவது போடுங்க!”

“கையுறை போட்டா தண்டும் சுள்ளியும் ஒண்ணாத்தான் தெரியும்.”

பிறகு அவரே போட்டுக்கொண்டார், டாக்டர் திட்டுவார் என்று. ஒவ்வொரு குச்சியாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தோம். சுள்ளி உள்ளே கெட்டி, தண்டு குழல். சுள்ளியைத் தூக்கி எறிந்தோம், எறிந்தோம், எறிந்துகொண்டே இருந்தோம். வெயில் சாயும் நேரத்தில் என் கையில்தான் முதல் கட்டை கிடைத்தது. நான் போட்ட கூச்சலில் நோயாளிப் பறவைகளெல்லாம் திரும்பக் கத்தின. அப்புறம் அவர் கையில் இரண்டு.

கழுவி, துடைத்து, கருப்புத் துணியில் மூன்றையும் ஒரே பார்வையில் வைத்தார், மேல்புறம் மேலே, நுனி ஒரே திசையில். இரண்டில் குறுகிய ஓரம் இடது பக்கம் இருந்தது, ஒன்றில் வலது பக்கம். இடது சிறகும் உதிர்த்திருந்தது, வலது சிறகும் உதிர்த்திருந்தது. அடி நுனிகள் உருண்டு, காய்ந்து, சுத்தமாக இருந்தன. ரத்தக் கறை ஒரு பொட்டுகூட இல்லை. பிடுங்கியதல்ல, தானாக விட்டது.

அந்தப் படத்தைப் பார்த்த டாக்டர் மறுநாள் விடிந்ததும், வண்டி வருவதற்கு முன்னாலேயே வந்துவிட்டார். பருந்தைத் துணியில் சுற்றிப் பிடித்து, சிறகை விரித்துக் காட்டினார். வெட்டுப்பட்ட வரிசைக்கு நடுவே, இரண்டு பக்கமும், கருநீல உறைக்குள் புது இறகுகள் குத்திட்டு நின்றன. வண்டிக்காரரை வெறும் கையோடு அனுப்பினோம். பாவம், அவருக்கு டீ மட்டும் கொடுத்தோம்.

ஆனால் ஒரே நாளில் எல்லாம் முளைத்துவிடாது. ஒவ்வொரு கட்டையாக உதிர்ந்து, ஒவ்வொரு இறகாக நீண்டு, மாதக்கணக்கில் ஆயிற்று. பெரிய அறைக்கு மாற்றினோம். முதல் தாவல் சுவரில் மோதியது. நாத்தனார் அன்று என்னோடு பேசவே இல்லை, நான்தான் சுவரைக் கட்டினேன் என்பது போல. பிறகு அது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போயிற்று. பிறகு நடுவிலேயே திரும்பியது.

விட்ட அன்று டாக்டர் கூரைக் கதவைத் திறந்தார். பருந்து விளிம்பில் உட்கார்ந்தது, போகவில்லை. நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டார். நகம் பதிந்து வலித்தது. அப்புறம் அது சிறகை விரித்தது. அவ்வளவுதான், கட்டடங்களுக்கு மேலே ஏறி, வட்டமடித்து, புள்ளியாகி, இல்லாமலே போயிற்று.

நாத்தனார் குலுங்கிக் குலுங்கி அழுதார். அத்தனை வருடத்தில் நான் பார்த்ததே இல்லை. கண்ணாடி நனைந்து அவருக்கு எதுவும் தெரியவில்லை.

“திரும்பிப் பாத்துச்சாடி?”

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். “இல்லக்கா. ஒரு தடவைகூடப் பாக்கல.”

“அப்பாடா” என்றார்.