ஒன்பதும் பத்தும் இடம் மாறியபோது

அந்தக் கட்டுரையின் விவாதப் பகுதி நான்கு பக்கம் இருந்தது. அதை எழுதிய டாக்டரம்மா தான் கண்டுபிடித்ததை நான்காம் பக்கத்தின் கடைசிப் பத்தியில்தான் வைத்திருந்தார். அதற்கு முன்னால் இருந்ததெல்லாம் மற்றவர்கள் கண்டுபிடித்தவை.

இதை நானாகப் புரிந்துகொள்ளவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலைக்குப் போன இடத்தில் ஆங்கில எழுத்துகளைப் பழகினேன். அச்சகம் மூடியதும், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மயிலாப்பூர் மாட வீதிக்குப் பின்னால் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் டைப்பிங் கடையில் சேர்ந்தேன். முதலாளி எப்போதாவது வருவார். மற்ற நேரம் கடையில் நான் மட்டும்தான். ஆங்கிலத்தில் வேகமாக அடிப்பேன். பொருள் பாதிதான் தெரியும். மேற்கு மாம்பலத்தில் ஒற்றை அறையில் குடியிருந்தேன். மெஸ்ஸில் சாப்பாடு. மெஸ்காரரிடம் "போதும்" என்று சொல்வதைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் ஒரு நாள் முடிந்துபோவதும் உண்டு.

டாக்டரம்மா அரசு மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே ஆய்வுப் பட்டத்துக்குப் படித்தவர். வயது முப்பதுக்குள் இருக்கும். மூன்று மாதத்துக்கு முன்னால் கட்டுரையை நான்தான் அடித்துக் கொடுத்திருந்தேன். வெளிநாட்டுப் பத்திரிகைக்குப் போன கட்டுரை, திருத்தச் சொல்லித் திரும்பி வந்திருந்தது. அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கடிதத்தைத் தமிழில் எடுத்துச் சொன்னார்.

"உங்க ஆய்வுல வெளிவந்த முக்கியமான விஷயத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்குங்கிறாங்க அண்ணா. விவாதத்துல முதல் பத்தியிலயே அதைச் சொல்லணுமாம். அப்புறம், முன்னாடி பண்ணவங்க கண்டதோட ஒப்பிடணும். அதுக்கப்புறம் நம்ம ஆய்வோட குறைகள். அங்கங்க தூவி வச்சிருக்கேனாம்."

"நீங்க என்ன கண்டுபிடிச்சீங்க மேடம்?" என்று கேட்டேன். மூன்று மாதத்துக்கு முன்னால் முழுக் கட்டுரையையும் அடித்தவன் இப்படிக் கேட்டதற்கு அவர் சிரித்துவிட்டார்.

பிறகு பொறுமையாகச் சொன்னார். சர்க்கரை வியாதிக்காரர்களுக்குக் கால் மரத்துப்போகும். "மரத்துப்போச்சா?" என்று கேட்டால் பலர் இல்லை என்பார்கள். ஆனால் நைலான் நூலால் பாதத்தில் தொட்டுப் பார்த்தால், அப்படிச் சொன்னவர்களிலும் பலருக்கு உணர்ச்சியே இருக்காது. ஆகவே கேட்பது மட்டும் போதாது, தொட்டுப் பார்க்க வேண்டும். இதுதான் அவர் கண்டது.

"இதை ஏன் கடைசியில வச்சீங்க?"

அவர் கடிதத்தை மடித்து வைத்தார். "என் புரொபசர், பல வருஷம் முன்னாடி, கேட்டாலே போதும்னு ஒரு கட்டுரை போட்டிருக்கார். அவர் கிட்டதான் நான் படிக்கிறேன். அவரோடதைச் சொல்லித்தானே ஆரம்பிக்கணும்?"

இப்போது அந்த மரியாதையை இரண்டாம் பத்திக்கு நகர்த்த வேண்டும். புரொபசரும் கட்டுரையில் ஓர் ஆசிரியர். அவர் கையெழுத்து இல்லாமல் கட்டுரை போகாது. பத்திரிகை கொடுத்த கெடுவுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. தாண்டினால் புதுக் கட்டுரையாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். மறுபடி பல மாதம் காத்திருக்க வேண்டும். அதுவரை பட்டத்துக்கான ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது.

இரண்டு மதியம் அந்த வேலை நடந்தது. பத்தியின் தொடக்கத்தில் ஒரு குறி, முடிவில் ஒரு குறி வைத்து, நடுவில் இருப்பதை அப்படியே தூக்கி வேறு இடத்தில் வைப்பேன். கடைசிப் பத்தி முதலாவதானது. தூக்கிய பத்தியில் "மேலே சொன்னபடி" என்று ஒரு தொடர் இருந்தது. மேலே இப்போது ஒன்றும் இல்லை. அவர் அதை நீக்கச் சொன்னார். தூவிக் கிடந்த குறைகளைப் பொறுக்கி ஒரே பத்தியாக்கினோம். ஒரே மருத்துவமனையின் நோயாளிகள்; கேள்வி கேட்டதும் நூலால் தொட்டுப் பார்த்ததும் அவர் ஒருவரே, ஆகவே ஒன்றின் விடை மற்றதைப் பாதித்திருக்கலாம். ஒவ்வொன்றையும் எனக்கு விளக்கிக்கொண்டே போனார். எனக்கு விளக்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. சொல்லிப் பார்த்தால் தனக்குத் தெளிவாகிறது என்றார். எந்தக் காரணமாக இருந்தாலும், ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து என்னிடம் அவ்வளவு நேரம் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது. அன்று மாலை பஸ்ஸில் அவர் சொன்னதையெல்லாம் மனதுக்குள் திரும்ப ஓட்டிக்கொண்டு போனேன்.

ஒப்பிடும் பத்தியில், அவர் கண்டதோடு ஒத்துப்போகும் ஒரு வெளிநாட்டு ஆய்வை முதலில் வைத்தார். மாறுபடும் புரொபசரின் ஆய்வு அடுத்து வந்தது. இதனால் எண்கள் மாறின. மேற்கோள் காட்டும் கட்டுரைகளுக்கு, அவை முதலில் வரும் வரிசைப்படி அடைப்புக்குறிக்குள் எண் போடுவது அந்தப் பத்திரிகையின் முறை. முன்பு புரொபசர் ஒன்பது, வெளிநாட்டார் பத்து. இப்போது வெளிநாட்டார் ஒன்பது, புரொபசர் பத்து. மற்ற எண்கள் மாறவில்லை.

"நான் மாத்தி பிரிண்ட் எடுத்து வச்சிடறேன் மேடம், நீங்க டியூட்டிக்குப் போங்க" என்றேன். இரண்டு எண்களும் பல இடங்களில் வந்தன. ஒவ்வொன்றாகத் தேடாமல், அடைப்புக்குறிக்குள் ஒன்பது இருக்கும் இடமெல்லாம் பத்து ஆக்கு என்று கட்டளை கொடுத்தேன். பிறகு பத்து இருக்கும் இடமெல்லாம் ஒன்பது ஆக்கு என்றேன். கடைசிப் பக்கத்துப் பட்டியலைக் கையால் சரியாக மாற்றினேன். சாயங்காலம் அவர் வந்து பிரதியை வாங்கிக்கொண்டு நேராகப் புரொபசரிடம் போனார்.

மறுநாள் டாக்டரம்மா வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டார். 'நன்னா பண்ணியிருக்கே'ன்னு குத்தலா சொல்லிட்டு பேப்பரைத் தள்ளிட்டார். என்னன்னே சொல்ல மாட்டேங்கறார். முதல் பத்திதான் காரணம். பழையபடி மாத்திடலாமா அண்ணா?"

பழையபடி மாற்றினால் பத்திரிகை ஏற்காது. அது அவருக்கும் தெரியும். பிரதியை மேஜையிலேயே விட்டுவிட்டு வார்டுக்குப் போய்விட்டார். நான் அதை எடுத்துப் பார்த்தேன். படித்தேன் என்று சொல்ல மாட்டேன்; எண்களைப் பார்த்துக்கொண்டு போனேன், அச்சகத்துப் பழக்கம். எட்டு, ஒன்பது, ஒன்பது, ஒன்பது, பதினொன்று. பத்து எங்குமே இல்லை.

முதல் கட்டளையிலேயே எல்லாம் பத்தாகிவிட்டது. இரண்டாவதில் எல்லாம் ஒன்பதாகிவிட்டது. ஒன்பதை முதலில் ஏதாவது ஒரு நட்சத்திரக் குறியாக்கி ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். புரொபசரின் கட்டுரை பட்டியலில் மட்டும் கிடந்தது. அவர் செய்த வேலையைச் சொல்லும் வாக்கியத்தின் முடிவில் வேறொருவரின் எண் நின்றது. எந்த ஆசிரியரும் முதலில் தன் எண்ணைத்தான் தேடுவார்.

கீழே ஜெராக்ஸ் கடைக்காரரிடம் சொன்னேன். அந்தக் கட்டடத்தில் என்னோடு பேசும் ஒரே ஆள் அவர்தான்.

"இன்னா நைனா, இதுக்கா மூஞ்சி இப்டி கீது? கமுக்கமா நம்பரை மாத்தி வேற பிரிண்ட் குடுத்துடு. யாரு கண்டா? நீ போய் சொல்லிக்கினு நின்னா, அந்தம்மா இனிமே உன் கடைப் பக்கம் வருமா?"

அவர் சொன்னது சரி என்றே பட்டது. ஆனால் புதுப் பிரதியைப் பார்த்தால், தான் கோபித்த பிறகு டாக்டரம்மா பயந்துபோய் எண்ணைப் போட்டதாகத்தான் புரொபசர் நினைப்பார். கையெழுத்து அப்போதும் கிடைக்காது.

தப்பு என்னுடையது என்று நானே போய்ச் சொன்னால்தான் நம்புவார். புரொபசருடைய கிளினிக் ஆழ்வார்பேட்டையில் இருந்தது. சாயங்காலம் பிரதியோடு போய் டோக்கன் வாங்கி நோயாளிகளோடு உட்கார்ந்தேன். இரண்டு தடவை எழுந்து வாசல் வரை போய்த் திரும்பினேன். என் முறை வந்தது. எழுபதை நெருங்கிய மனிதர். நிமிராமலே கேட்டார்.

"எத்தனை வருஷமா சர்க்கரை?"

"எனக்கு இல்லைங்க ஐயா."

"டெஸ்ட் பண்ணிண்டேளா? பண்ணிக்காம எல்லாரும் இப்படித்தான் சொல்றா. செருப்பைக் கழட்டுங்கோ."

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னேன். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. ஒன்பதும் பத்தும் எப்படி ஒன்றாயின என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நம்பர் உங்க தப்பு. சரி. முதல் பத்தி யாரோட தப்பு?"

"அது தப்பு இல்லைங்க ஐயா. கண்டதை முதல்ல சொல்லச் சொல்லிப் பத்திரிகையில கேட்டிருக்காங்க. உங்களோடது ரெண்டாவது பத்தியில இருக்கு. நம்பர் சரியா இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"நம்பர் சரியா இருந்தாலும் எனக்குக் கோபம் வந்திருக்கும்" என்றார். பிறகு பிரதியை வாங்கி இரண்டாம் பத்தியைப் படித்தார். வெளியே டோக்கன் பெண் அடுத்தவரை அனுப்பக் கதவைத் திறந்தாள். கையை ஆட்டி மூடச் சொன்னார்.

"மாறுபடறதுன்னு எழுதியிருக்கா. ஏன் மாறுபடறதுன்னு எழுதலையே இந்தப் பொண்ணு! நாங்க யாரைக் கேட்டோம்? கால்ல புண்ணோட வார்டுல படுத்திருந்தவாளை. அவாளுக்கு மரத்துப்போனது நன்னாத் தெரியும். இவ பார்த்தது வெளி நோயாளிகளை, ஆரம்பக் கட்டம். அவாளுக்கு எப்படித் தெரியும்? ஒப்பிடறதுன்னா இதையில்லையா சொல்லணும்!"

பென்சிலால் ஓரத்தில் இரண்டு வாக்கியம் எழுதினார். "காலம்பர அவளை வரச் சொல்லுங்கோ" என்றார். கட்டணம் எவ்வளவு என்று கேட்டேன். முறைத்தார். வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த நாள் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புரொபசர் ஓரத்தில் எழுதிய வாக்கியங்களை அவர் முதலில் பார்த்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்குமோ என்னவோ. நான் தப்பைத்தான் முதலில் சொன்னேன்.

"ரெண்டு நாளா நான் தூங்கலை தெரியுமா?" என்றார். "உங்களை நம்பித்தானே சரிபார்க்காம கொண்டு போனேன்." அதற்கு மேல் கோபிக்கவில்லை.

எண்களைத் திருத்தி, புரொபசரின் வாக்கியங்களைச் சேர்த்து அடித்தேன். டாக்டரம்மா பக்கத்தில் நின்று, ஒவ்வொரு எண்ணையும் பட்டியலோடு தானே ஒப்பிட்டு டிக் போட்டார். இந்த முறை எதையும் விளக்கவில்லை. பிரிண்டர் மூன்று பிரதிகளை அடித்து முடிக்கும் வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கையெழுத்து வாங்கி, கெடுவுக்குள் விமானத் தபாலில் அனுப்பிவிட்டார் என்பதை ஜெராக்ஸ்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன். கட்டுரையோடு அனுப்பும் முகப்புக் கடிதத்தை நகலெடுக்க அவரிடம் வந்திருக்கிறார். மாடிக்கு வரவில்லை.

ஆய்வேட்டை ராயப்பேட்டைப் பக்கம் ஒரு கடையில் அடிக்கக் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன். மருத்துவமனைக்கு அதுதான் பக்கம். இருநூறு பக்கமாவது இருந்திருக்கும், எத்தனையோ மதியங்களுக்கு வேலை. சொல்லாமல் இருந்திருந்தால் என்னிடம் வந்திருக்கும் என்று சில நாள் கணக்குப் போட்டேன். பிறகு, சொல்லாமல் இருந்திருந்தால் ஆய்வேடே இருந்திருக்காதே என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியதைச் சொல்லக் கடையில் ஆள் இல்லை. அன்றைக்கு வந்திருந்த ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து வைத்து அடிக்கத் தொடங்கினேன்.