சுண்டு விரலும் சைக்கிள் சீட்டும்

தீனதயாளன் முதலில் சந்தேகப்பட்டது சர்க்கரையை. அடுத்து சைக்கிளை விற்றவனை. மூன்றாவதாக, மாடிப் போர்ஷனுக்குக் குடிவந்த பெண்ணை.

சந்தேகம் அவருக்குத் தொழிலோடு வந்தது. அரசு பஸ்ஸில் இருபத்தாறு வருஷம் டிரைவர். அதில் கடைசி ஒன்பது வருஷமும் கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் வண்டி. டெப்போ மெக்கானிக் "பாத்தாச்சுண்ணே" என்றால், அவன் பார்த்த இடத்தையே குனிந்து இன்னொரு தரம் பார்ப்பார். மாத்திரை அட்டையில் பத்து இருக்கிறதா என்று மருந்துக்கடை வாசலிலேயே எண்ணுவார். மலைக்காரர்களுக்கு இதில் குறை ஒன்றுமில்லை. அவர் வண்டியில் ஏறினால் வளைவில் தைரியமாகத் தூங்குவார்கள்.

நாலு மாதத்துக்கு முன் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. தினமும் உடற்பயிற்சி செய்யச் சொன்னார் டாக்டர். நடக்கப் போனால் தெருவில் ஒருத்தர் பாக்கியில்லாமல், "இன்னாண்ணே, சுகரா?" என்று கேட்டார்கள். அதனால் மூடப்போகும் ஒரு ஜிம்மிலிருந்து நின்ற இடத்திலேயே மிதிக்கிற சைக்கிள் ஒன்றை வாங்கி வந்து கூடத்து மூலையில் போட்டார்.

உட்காருவது எப்படி என்று ஒரு டிரைவருக்கு யார் சொல்லித் தரவேண்டும்? பஸ் சீட்டைப் போலவே வைத்தார். சீட்டைப் பின்னால் கடைசிவரை தள்ளி, இரண்டு பாதமும் தரையில் படிகிற அளவுக்குத் தாழ்த்தினார். ஸ்டியரிங் மேல் கவிழ்ந்து கிடந்தே பழகிய உடம்பு என்பதால் கைப்பிடியையும் அடிமட்டத்துக்கு இறக்கினார். இரண்டாம் நாள் சீட்டின் மூக்கு குத்துகிறது என்று அதையும் கீழே சாய்த்தார். விடிகாலையில் அரைமணி நேரம் மிதிப்பார்.

மூன்றாவது வாரம் சைக்கிளை விட்டு இறங்கியபோது இரண்டு சுண்டு விரலும் பக்கத்து விரல்களும் அவருடையவையாக இல்லை. கிள்ளினால் யாரையோ கிள்ளுவது போலிருந்தது. உதறினால் கொஞ்ச நேரத்தில் உயிர் வரும். அடி முதுகில் ஒரு கை அகலத்துக்கு வலி வேறு.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த மாதம் டிரைவர்களுக்கு உடல்தகுதிப் பரிசோதனை. போன தடவை வெற்றிவேல் என்கிற சீனியர் கால் மரத்துப்போகிறது என்று உள்ளதைச் சொன்னார். இன்றைக்கும் டெப்போ வாசலில் நாற்காலி போட்டு, உள்ளே வருகிற வண்டி நம்பரை எழுதிக்கொண்டிருக்கிறார். சர்க்கரை வந்தவனுக்கு நரம்பு போகும் என்று தீனதயாளனுக்குத் தெரியும். சைக்கிளை விற்றவன் கோளாறு வண்டியைத் தலையில் கட்டிவிட்டானோ என்றும் நினைத்தார். மலையில் வளைவுக்கு வளைவு விரலை அசைத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

"இன்னாண்ணே, தாளம் போட்டுக்கினு வர்றே?" என்றான் கண்டக்டர் செழியன்.

"பாட்டு ஓடுது."

"எங்க ஓடுது? ரேடியோதான் போன வருசமே செத்துப்போச்சே."

அன்றிலிருந்து செழியனும் சந்தேகப் பட்டியலில் சேர்ந்தான்.

மாடிக்கு வந்த சுபஸ்ரீ பிசியோதெரபிஸ்ட். அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில்தான் பரிசோதனை. இத்தனை வீடு இருக்க இந்த வீட்டுக்கு ஏன் வந்தாள் என்று தீனதயாளன் இரண்டு நாள் யோசித்தார். அவள் இறங்கி வருகிற சத்தம் கேட்டாலே கைகளை லுங்கி மடிப்புக்குள் வைத்துக்கொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டார் போடச் சொல்ல வந்தவள் சைக்கிளைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இதுல யாரு அங்கிள் ஓட்டறது?"

"என் சம்சாரம்" என்றார் யோசிக்காமல்.

உள்ளே முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அமிர்தம் தலையைத் தூக்கினாள். அந்த சைக்கிளைத் துடைப்பதோடு சரி, அவள் ஏறியதே இல்லை. ஆனால் முப்பது வருஷம் அவரோடு குடித்தனம் நடத்தியவள். "ஆமாம்மா, நான்தான்" என்றாள்.

"கை மரத்துப்போவுமே ஆன்ட்டி? முதுகு வலிக்குமே?"

யார் சொன்னது இவளுக்கு? தீனதயாளன் அமிர்தத்தைப் பார்த்தார். அவள் முகத்திலும் துப்பு ஒன்றும் இல்லை.

"மரத்துதான் போவுது" என்றாள் அமிர்தம், அவரையே பார்த்தபடி.

"எந்த விரலு?"

"கட்டை விரலுதான். நைட்ல ஜாஸ்தி."

சுபஸ்ரீ நெற்றியைச் சுருக்கினாள். "கட்டை விரலா? நைட்லயா? அப்ப சைக்கிள மட்டும் சொல்ல முடியாது ஆன்ட்டி. மணிக்கட்டுல போற நரம்பு அது, வேற கணக்கு. நாளைக்கி ஆஸ்பத்திரி வாங்க, செக் பண்ணிடலாம்."

தீனதயாளன் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் தப்பான கம்ப்ளைண்ட் எழுதினால் தப்பான பாகத்தைக் கழற்றுவார்கள் என்று டெப்போவில் பார்த்தே பழகியவர் அவர்.

"கட்டை விரலு இல்லம்மா. சுண்டு விரலு, பக்கத்து விரலு. மிதிச்சி எறங்கனதும் இருக்கும், அரைமணில போயிடும். நைட்ல ஒண்ணுமே இல்ல."

அமிர்தம் கீரைத்தட்டைக் கீழே வைத்தாள்.

"ஆன்ட்டி விரலு உங்களுக்கு எப்படித் தெரியும் அங்கிள்?"

"நீ போயி அங்க சொல்லப் போறியா?"

"எங்க?"

"டெப்போவுல. டாக்டர் கிட்ட."

"நான் வூட்ல மோட்டார் போடச் சொல்ல வந்தேன்" என்றாள் சுபஸ்ரீ. "ஏறி உக்காருங்க."

அவர் ஏறினார். அவள் பக்கவாட்டில் நின்று பார்த்தாள். "ஒடம்பு எடை பூரா உள்ளங்கையில நிக்குது. சீட்டு மூக்கு கீழ இருக்கறதால வழுக்கிக்கினே முன்னாடி வர்றீங்க. அத கையால தள்ளித் தள்ளி நிறுத்தறீங்க. சுண்டு விரல் நரம்பு உள்ளங்கை ஓரமாத்தான் போவுது, அது நசுங்குது. சீட்டு பின்னாடி, கைப்பிடி பள்ளத்துல. எட்டி எட்டி முதுகு வில்லா வளையுது."

முதலில் சீட்டை மட்டமாக்கினாள். பெடலைக் கீழே நிறுத்தி அதில் குதிகாலை வைக்கச் சொன்னாள். கால் நேராக நீளும்வரை சீட்டு உயர்ந்தது. பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்தபோது முட்டியில் சின்ன மடிப்பு நின்றது.

"இவ்ளோ ஒயரமா? கால் தரையில எட்டலியே."

"பிரேக் புடிக்கப் போறீங்களா?"

அமிர்தம் சிரிப்பை முந்தானையில் துடைத்தாள்.

பெடல் முன்பக்கம் மட்டமாக நிற்கும்போது முட்டி அதன் அச்சுக்கு நேர் மேலே வருகிற மாதிரி சீட்டை முன்னால் நகர்த்தினாள். கைப்பிடியைச் சீட்டை விட நாலு விரல் உயர்த்தினாள். முழங்கை லேசாக மடங்கியது, மணிக்கட்டு நேராகியது.

"கைய வெச்சிக்கினு இருக்கணும், ஊணக் கூடாது. நடுநடுவுல புடிய மாத்துங்க. அஞ்சு நிமிசத்துக்கு ஒரு தரம் நிமிர்ந்து உக்காருங்க. மிதிக்கிற லோடு ரொம்பக் கம்மியா வெச்சா ஒடம்பு எடைய கால் வாங்காது, கைக்கும் சீட்டுக்கும் போயிடும். இடுப்பு ரெண்டு பக்கமும் ஆடிச்சின்னா சீட்ட கொஞ்சம் எறக்கிக்கோங்க. ஒரு வாரத்துக்கு தெனம் பத்து நிமிசம் போதும்."

"இதெல்லாம் சரிதான். சுகர் நரம்பா இருந்தா?"

"அது பெரும்பாலும் காலுல ஆரம்பிக்கும், எறங்கனா போவாது. ஆனா நான் சொல்றத வெச்சி முடிவு பண்ணாதீங்க. சைக்கிள்ல ஏறாத நேரத்துல மரத்துச்சின்னா மறைக்காம காட்டுங்க. பஸ்ஸுல அறுபது பேரு இருக்காங்க."

அந்த அறுபது பேர் அவரைத் தூங்கவிடவில்லை.

நாலு நாளில் முதுகு வலி குறைந்தது. ஒரு வாரத்தில் விரல்கள் தெளிந்தன. அதையும் அவர் நம்பவில்லை. நல்லாகவேண்டும் என்கிற ஆசையில் தனக்கே அப்படித் தோன்றுகிறதோ என்று கண்ணை மூடிக்கொண்டு, அமிர்தத்தை ஒவ்வொரு விரலாகத் தொடச்சொல்லிப் பெயர் சொன்னார். அவள் ஏமாற்றுவாள் என்று நடுவில் கண்ணைத் திறந்தும் பார்த்தார்.

"இப்ப எதத் தொடறேன்?"

"எதையும் தொடல."

"பரவால்ல, தேறிட்டீங்க" என்றாள்.

பரிசோதனை நாள் டாக்டர் கண் பார்த்தார், பிரஷர் பார்த்தார். "கை கால் மரத்துப்போவுதா?" என்று குனிந்தபடியே கேட்டார். வரிசையில் முன்னால் போனவர்கள் எல்லோரும் இல்லை என்று சொன்ன கேள்வி.

தீனதயாளன் டாக்டரின் பேனாவைப் பார்த்தார்.

"இருந்துதுங்க. சுண்டு விரலு. வூட்ல சைக்கிள் சீட்ட தப்பா வெச்சிக்கினு மிதிச்சேன். மாத்தி மூணு வாரம் ஆவுது, இப்ப இல்ல. நீங்களும் பாத்துடுங்க."

டாக்டர் நிமிர்ந்தார். கண்ணை மூடச்சொல்லிப் பஞ்சால் தொட்டார். விரல்களைப் பிடித்து அழுத்தச் சொன்னார். செருப்பைக் கழற்றச்சொல்லிப் பாதத்திலும் நெடுநேரம் தொட்டுப் பார்த்தார். பிறகு எழுதினார். மற்றவர்களுக்கு ஒரு வரி எழுதியவர் இவருக்கு மூன்று வரி எழுதினார்.

தகுதி உண்டு. சர்க்கரையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கவேண்டும். விரலிலோ காலிலோ மரப்பு வந்தால் உடனே வரவேண்டும்.

தீனதயாளன் அந்தத் தாளை ஆஸ்பத்திரி மாடிப்படியில் நின்று இரண்டு தரம் படித்தார். பின்பக்கம் திருப்பினார். வெறும் வெள்ளை. வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்துவிட்டு, வெள்ளிமலை வண்டி எடுக்கக் கிளம்பினார்.