வின்சென்ட் கேட்டு வாங்கிய டேக்

வின்சென்ட் எங்கள் டீமில் ஆறு வருடமாகக் கான்ட்ராக்ட். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஆபீஸ், ஹெப்பகோடியில் ஒற்றை அறை வாடகை வீடு, மனைவி எலிசபெத். வேலை நிரந்தரமானால்தான் வீட்டுக் கடன் கிடைக்கும். ஆறு வருடமும் அதற்காகவே காத்திருந்தான். அவன் அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. இறங்குவதற்கு முன் ஆளுக்கொரு எண் பொறித்த வில்லை கொடுப்பார்களாம். விபத்து நடந்தால் கீழே யார் என்று தெரிய வேண்டுமே. அதனாலோ என்னவோ, எண் இல்லாத எதையும் அவன் நம்பமாட்டான்.

ஆஸ்பத்திரிகளுக்கு அப்பாயின்ட்மென்ட் மென்பொருள் செய்கிறோம். ஒவ்வொரு பதிப்பையும் கண்டெய்னர் இமேஜ் என்ற பொட்டலமாகக் கட்டி வைப்போம். சர்வர் அதை எடுத்து ஓட்டும். அதன் மேல் பெயர்ச்சீட்டு போல எப்போதும் ஒரே டேக், ‘லேட்டஸ்ட்’. புதிய பொட்டலம் வந்ததும் டேக் அதற்குத் தாவிவிடும். பழையது பெயரில்லாமல் கிடக்கும், இரவில் தானாகவே அழிக்கப்படும்.

“உள்ள எந்த கோட் ஓடுதுன்னு எப்படி சார் சொல்றது? வெர்ஷன் நம்பரும் கமிட் ஐடியும் போட்டுடலாம்” என்று மேனேஜர் ஸ்ரீகண்டனிடம் மூன்று முறை கேட்டான். கோடில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் விழும் அடையாள எண்தான் கமிட் ஐடி, எழுதியவர் பெயரும் அதோடு பதிவாகும்.

“ஓடிண்டிருக்கறதை எதுக்குப்பா நோண்டறே?”

ஒரு மாலை ஸ்ரீகண்டனே, அரைகுறைச் சோதனைப் பதிப்பை, டீமில் எல்லோரும் பயன்படுத்தும் பொது லாகினிலிருந்து லேட்டஸ்டாக ஏற்றினார். பக்கத்து சீட்டிலிருந்து பார்த்தேன். மறுநாள் காலை ஒரு சர்வர் பழுதாகி, மாற்றாக வந்த சர்வர் அந்த லேட்டஸ்டை எடுத்துக்கொண்டது. நோயாளிகளின் தேதிகள் தாறுமாறாயின. பழைய பதிப்புக்குத் திரும்பலாம் என்றால் அதன் குறிப்பிலும் அதே ‘லேட்டஸ்ட்’ என்றுதான் இருந்தது. எந்த கோடிலிருந்து திரும்பக் கட்டுவது என்று கண்டுபிடிக்கவே இரண்டு மணி நேரம். ஏற்றியது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வாரமே டேக் முறை வின்சென்ட் கேட்டபடி வெர்ஷன் நம்பரும் கமிட் ஐடியுமாக மாறியது. மீட்டிங்கில் ஸ்ரீகண்டன் அதைத் தன் யோசனையாகச் சொன்னார். வின்சென்ட் கோபப்படவில்லை, ஏப்ரலில் நிரந்தரமாகும் பட்டியலில் அவன் பெயர் இருந்தது.

மார்ச்சில் 2.4.7-9f3c1ab என்ற பதிப்பு சர்வருக்குப் போனது. நாற்பது பேருக்கு நினைவூட்டல் எஸ்எம்எஸ் இரண்டிரண்டாகப் போனது, அவ்வளவுதான். நான்கே நிமிடத்தில் 2.4.6-க்குத் திரும்பினோம். டேக்கில் இருந்த கமிட் ஐடியைத் தேடினால் எழுதியவன் பெயர் வந்தது: வின்சென்ட்.

“இந்தத் தடவை யாருன்னு க்ளியரா தெரியறதே” என்றார் ஸ்ரீகண்டன், தன் தப்பை மறந்த முகத்தோடு. பட்டியலிலிருந்து பெயர் போயிற்று, கான்ட்ராக்டும் நீளவில்லை.

கடைசி நாள் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு வந்தான். “நாலே நிமிஷம் கேசவ். சிஸ்டம் சரியாத்தான் வேல செஞ்சுது, இல்ல?”

ஆமாம் என்றேன். அன்று லேட்டஸ்டை ஏற்றியது யார் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் நிரந்தர ஊழியன், சொல்லவில்லை.